வட்டத்தில் 24 பேர், சும்மா நின்றவர்கள் 12 பேர்

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊரில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 24 பிள்ளைகள். எல்லோரும் 3ஆம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் 42 என்பது 3இன் மடங்கா என்று கேட்டால் மறுபடியும் ஓர் மூணு மூணு என்று முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேருவார்கள். 24இன் காரணிகளை எழுது என்றால் 2, 12 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். மடங்கு ஒரு பாடம், காரணி வேறொரு பாடம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் அவர்கள் மனதில் இருந்தது. இதற்காகத்தான் கைதட்டி மிதிக்கிற விளையாட்டைக் கொண்டுவந்தேன். அதில் நானே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் வட்டமாக நிற்க வேண்டும். முதல் ஆள் 1 என்பார், அடுத்தவர் 2, இப்படியே வட்டத்தைச் சுற்றி எண் போகும். 3இன் மடங்கு யாரிடம் வருகிறதோ அவர் எண்ணைச் சொல்லிக் கை தட்ட வேண்டும். 4இன் மடங்கு வந்தால் எண்ணைச் சொல்லித் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும். இரண்டுக்கும் மடங்காக ஒரு எண் வந்தால் தட்டவும் வேண்டும், மிதிக்கவும் வேண்டும். அதற்குப் பிள்ளைகள் தட்டுமிதி என்று பெயர் வைத்தார்கள். ஒரு சுற்று முடிந்தால் நிறுத்துவதில்லை, 24ஆம் ஆள் 24 சொன்னதும் முதல் ஆள் 25 என்று தொடர வேண்டும்.

முதல் நாள் வராந்தாவில் சிமெண்டுத் தரையில் ஆடினோம், சத்தம் நன்றாகக் கேட்டது. 12இல் முதல் தட்டுமிதி, 24இல் இரண்டாவது. முதல் சுற்றில் நான்கைந்து தடுமாற்றம் இருந்தது, இரண்டாவது சுற்றில் குறைந்தது, மூன்றாவது சுற்றில் ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மடங்கு பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்போது ஐந்தாவது இடத்தில் நின்ற பையன் கையைத் தூக்கி, "டீச்சர், எனக்கு ஒண்ணுமே வரலை. தட்டவும் வரலை, மிதிக்கவும் வரலை" என்றான். அவன் சொன்னதும் ஒரு ஆள் தள்ளி நின்ற ஏழாவது பெண் "எனக்கும்" என்றாள். 10, 11, 13 என்று வரிசையாகக் கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தால் 12 பேர். சரியாகப் பாதி வகுப்பு மூன்று சுற்றும் வெறும் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கிறது.

தட்டியவர்கள் யார் என்று பார்த்தால் அங்கேயும் அதே கதைதான். முதல் சுற்றில் தட்டிய அதே எட்டுப் பேர்தான் மூன்று சுற்றிலும் தட்டியிருக்கிறார்கள், மிதித்த அதே ஆறு பேர்தான் மிதித்திருக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள், 12ஆம் ஆளும் 24ஆம் ஆளும். மூன்றாவது சுற்றில் தப்பே வராததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் எண்ணையே பார்க்கவில்லை. "நான் தட்டுற ஆள், நீ மிதிக்கிற ஆள்" என்று இடத்தை நினைவில் வைத்துக்கொண்டுவிட்டார்கள், 51 வந்தாலும் 75 வந்தாலும் அது 3இன் மடங்கா என்று யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

அன்று எனக்குத் தோன்றிய ஒரே வழி நாளைக்கு இடத்தை மாற்றி நிறுத்துவதுதான். மறுநாள் அதற்குத் தேவையே வரவில்லை. ஒரு பெண் வரவில்லை, அவளுடைய அம்மா பாசி எடுக்கப் போய்விட்டதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டாள். 23 பேர். மற்றபடி அதே இடங்கள், அதே 3, அதே 4. ஆனால் விளையாட்டு தலைகீழாக மாறிவிட்டது. இரண்டாவது சுற்றின் முதல் எண் 25 இல்லை, 24. நேற்று ஒன்றுமே கிடைக்காத முதல் ஆளிடம் தட்டுமிதி வந்து விழுந்தது, அவன் எதிர்பார்க்கவே இல்லை, ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் தட்டினான். மூன்றாவது சுற்றில் 48 இரண்டாவது ஆளுக்கு. நான்காவது சுற்றில் 72 மூன்றாவது ஆளுக்கு. நேற்று கையைத் தூக்கிய ஐந்தாவது பையனுக்கு முதல் சுற்றில் வழக்கம்போல 5, இரண்டாவது சுற்றில் 28 வந்ததால் மிதி, மூன்றாவதில் 51 வந்ததால் தட்டு. 51 வந்தபோது அவன் உதடு அசைவதைப் பார்த்தேன், 48, 51 என்று முணுமுணுத்துவிட்டுத்தான் தட்டினான். எனக்கு வேண்டியது அந்த முணுமுணுப்புதான். இடம் உதவி செய்யாதபோது எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் இன்னும் ஒருவர் வரவில்லை. ஐப்பசி மாதம், முந்தின இரவு நல்ல மழை. 22 பேர் இருந்தார்கள். வராந்தா ஒழுகி ஈரமாகக் கிடந்தது, வழுக்கும் என்பதால் பூவரச மரத்தடியில் மணலில் வட்டம் போட்டோம். எங்கள் ஊர் மணலில் காய்ந்த நாளில் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் சத்தம் வராது, பொதுக்கென்று உள்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் மணலில் ஆட வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மழைக்குப் பிறகு மணல் இறுகியிருந்தது. மிதித்த இடத்தில் குதிகால் குழி அப்படியே நின்றது. நான்கு சுற்று, 88 வரைக்கும் போனோம். முடிந்ததும் ஏழாவது பெண் தன் காலடியைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் இருந்தவர்களின் காலடியையும் பார்த்தாள்.

"டீச்சர், எனக்கு ரெண்டு பக்கமும் குழி இருக்கு, எனக்கு மட்டும் இல்லை."

எல்லோரையும் ஒரு அடி பின்னால் போகச் சொன்னேன். வட்டம் முழுக்கத் தெரிந்தது. ஒரு இடத்தில் குழியே இல்லை, அடுத்த இடத்தில் இரண்டு குழி, அதற்கடுத்து குழி இல்லை, மறுபடி இரண்டு குழி. வட்டம் முழுக்க ஒன்று விட்டு ஒன்று. யாரோ திட்டம் போட்டுத் தோண்டிவைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் நின்று பார்த்தார்கள். எனக்கும் அது அவ்வளவு சீராக வரும் என்று தெரியாது.

காரணத்தை நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம், நான்கு சுற்றிலும் உனக்கு வந்த எண்களை மணலில் எழுது என்றேன். 7, 29, 51, 73 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒத்தைப்படை டீச்சர்" என்றாள். அடுத்த சுற்றில் என்ன வரும்? 95. அதுவும் ஒற்றைப்படை. ஒவ்வொரு சுற்றுக்கும் 22 கூடுகிறது, 22 இரட்டைப்படை, ஒற்றைப்படையோடு இரட்டைப்படையைக் கூட்டிக்கொண்டே போனால் எத்தனை சுற்று போனாலும் ஒற்றைப்படைதான் வரும், 4இன் மடங்கு எல்லாமே இரட்டைப்படை, அதனால் அவளுக்கு மிதி வரவே வராது. இதை அவளே பாதி சொன்னாள், எட்டாவது இடத்துப் பையன் மீதியைச் சொன்னான். தட்டு மட்டும் ஏன் எல்லோருக்கும் வந்தது என்று இன்னொருவன் கேட்டான். நல்ல கேள்வி. 22க்கும் 4க்கும் 2 பொதுக் காரணி. 22க்கும் 3க்கும் 1ஐத் தவிர பொதுவாக எதுவும் இல்லை. அதனால் தட்டு எங்கேயும் சிக்காமல் வட்டம் முழுக்கச் சுற்றி வருகிறது.

இதற்குப் பிறகு முதல் இரண்டு நாளையும் பலகையில் போட்டுப் பார்த்தோம். ஐந்தாவது பையனை எடுத்துக்கொண்டோம். 24 பேர் இருந்த நாளில் அவனுக்கு வந்தவை 5, 29, 53. 3ஆல் வகுத்தால் எல்லாவற்றுக்கும் மீதி 2. 24 தானே 3இன் மடங்கு, அதைக் கூட்டுவதால் மீதி கொஞ்சமும் மாறவில்லை. 23 பேர் இருந்த நாளில் 5, 28, 51. மீதி 2, 1, 0. ஒவ்வொரு சுற்றிலும் மீதி ஒன்று குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நிற்கிறது, அங்கே அவன் தட்டுகிறான். நான் இத்தனை வருடமாக மீதியை வகுத்தல் கணக்கின் கடைசி வரியாக மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீதி ஒரு ஆளை நோக்கி நடந்து வருவதை அன்றுதான் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.

இதை ஆட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எண்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் தலைகளை எண்ணுங்கள். 3க்கும் 4க்கும் ஆடுவதாக இருந்தால் வட்டத்தில் 23 பேரோ 25 பேரோ 19 பேரோ நிற்பது நல்லது. வகுப்பில் 24 பேர் இருந்தால் ஆசிரியரும் வட்டத்துக்குள் போய் நின்றுவிடலாம், 25 ஆகிவிடும், மீதி இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும், எல்லோருக்கும் எல்லாம் வரும். 22 பேர் என்றாலும் ஆசிரியர் சேர்ந்தால் 23. 21 பேர் என்றால் கொஞ்சம் சிக்கல், 21 என்பது 3இன் மடங்கு என்பதால் தட்டு ஏழு பேரிடமே தங்கிவிடும், நீங்கள் போய்ச் சேர்ந்து 22 ஆக்கினால் மிதி சிக்கிக்கொள்ளும். இரண்டு பேரைத் தப்புப் பார்க்கும் நடுவர்களாக வெளியே நிறுத்தி 19 ஆக்கிவிடுவேன், சுற்றுக்கு ஒருமுறை நடுவர்களை மாற்றிக்கொள்ளாமல் ஒரு ஆட்டம் முழுவதும் அவர்களையே வைத்திருப்பேன். நடுவில் மாற்றினால் இடங்கள் குழம்பிவிடும்.

ஆனால் முதல் நாள் மட்டும் வேண்டுமென்றே தப்பான எண்ணிக்கையில் ஆடவிடுங்கள். 24 பேர் இல்லாவிட்டால் 20 பேரையோ 12 பேரையோ நிறுத்துங்கள். "எனக்கு வரவே இல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும், அந்த வருத்தத்திலிருந்துதான் பொதுக் காரணி என்ற சொல்லுக்கு ஒரு வேலை வருகிறது. நான் முதலிலேயே 23 பேரை நிறுத்தியிருந்தால் ஆட்டம் நன்றாக நடந்திருக்கும், ஆனால் காரணியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய்ப்பு வந்திருக்காது.

தப்பு செய்தவர் அவுட், வெளியே போ என்ற விதியை நான் வைக்கவே இல்லை. யாருக்கு மடங்கு சரியாக வரவில்லையோ அவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள், போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அதுமட்டும் இல்லாமல், ஒருவர் வெளியே போனால் வட்டத்தின் அளவே மாறிவிடுகிறது. 23 என்பது 22 ஆகி, பிறகு 21 ஆகி, ஒவ்வொரு முறையும் சிக்குகிற இடம் மாறும், எதையும் கவனித்துப் பார்க்க முடியாது. தப்பு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பிள்ளையையே எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லி, சரியாகச் செய்ததும் அங்கிருந்தே தொடர்வேன்.

தப்புகளில் நான் கவனித்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் ஆரம்பத்தில் 13க்கும் 23க்கும் தட்டுவார்கள், எண்ணில் 3 இருக்கிறதே என்று. இது ஒரே நாளில் சரியாகிவிடும், மூன்று மூன்றாகச் சிப்பியைப் பிரித்து வைக்கச் சொன்னால் 13இல் ஒன்றும் 23இல் இரண்டும் மீந்துவிடுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆபத்தானது வெளியே தெரியாத தப்பு. தாளத்தைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள். அவர்களுக்கு எண்ணே வேண்டாம், தனக்கு முன்னால் தட்டு விழுந்து இரண்டு பேர் சும்மா போனால் மூன்றாவது ஆள் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள், நல்ல பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி அழகாகச் செய்வார்கள். இவர்களைக் கண்டுபிடிக்க நான் 1இலிருந்து ஆரம்பிக்காமல் 50இலிருந்து ஆரம்பிப்பேன். 50 சும்மா, 51 தட்டு, 52 மிதி. தாளத்தை நம்பியிருக்கிற பிள்ளை 51இல் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாவது ஆளான 52இல் தட்டுவதற்குத் தயாராக நிற்கும். முதல் தடவை 50இலிருந்து ஆரம்பித்தபோது வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்கள் என்று நான் நினைத்திருந்த மூன்று பேர் விழித்தார்கள். எப்போதும் தடுமாறுகிற ஒரு பையன், 48 எனக்குத் தெரியும், அதற்கப்புறம் 51 என்று நிதானமாகச் சொன்னான்.

பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய கையைப் பாருங்கள். தெரிந்த பிள்ளையின் கைகள் முந்தைய எண்ணைச் சொல்லும்போதே விரிந்துவிடும். தெரியாத பிள்ளை எண்ணைச் சொல்லிவிட்டு, வட்டத்தில் இருக்கிற முகங்களைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கையைத் தூக்கும். எண்ணைச் சொல்லாமல் தட்ட மட்டும் செய்கிற மாதிரி ஆடுவதை நான் விட்டுவிட்டேன், 12க்கு மேல் எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதே பாதிப் பேருக்குத் தொலைந்துபோகிறது.

அடுத்த வாரம் 3ஐ விட்டுவிட்டு 6க்குத் தட்டு, 4க்கு மிதி என்று மாற்றினேன். 23 பேர் வட்டம். ஆடுவதற்கு முன்னால், முதல் தட்டுமிதி யாருக்கு வரும் என்று கேட்டேன். 3க்கும் 4க்கும் 12 வந்தது, 3ஐ 4ஆல் பெருக்கினால் 12, அதனால் இப்போது 6ஐ 4ஆல் பெருக்கி 24, 24 என்றால் இரண்டாவது சுற்றில் முதல் ஆள் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கு போட்ட விதத்தில் குறை ஒன்றும் இல்லை, முந்தின வாரம் பார்த்ததை வைத்து யாரும் அப்படித்தான் சொல்வார்கள். முதல் ஆள் பெருமையாகக் காலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். 4 மிதி, 6 தட்டு, 8 மிதி, 10 சும்மா, 11 சும்மா. 12ஆம் ஆள் மிதித்தான், அவன் கை பாதி தூரம் போய் நின்றது, பிறகு தட்டினான். "தப்பு தப்பு" என்று நான்கு பக்கமும் சத்தம். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை, "ரெண்டு ஆறு பன்னெண்டு, மூணு நாலு பன்னெண்டு" என்று விரலை மடக்கிக் காட்டினான். சத்தம் அடங்கியது.

ஏன் சீக்கிரமே வந்துவிட்டது என்பதற்கு நான் சொன்ன விளக்கம் இது. 3இன் மடங்குகளில் நடந்து போகும்போது 3, 6, 9, 12 என்று நான்காவது அடியில்தான் 4இன் மடங்கைத் தொடுகிறோம். ஏனென்றால் 3க்குள் 2 என்ற காரணி கிடையாது, 4க்கு வேண்டிய இரண்டு 2ஐயும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். 6க்குள் ஏற்கெனவே ஒரு 2 இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு 2 போதும், அதனால் 6இன் இரண்டாவது அடியான 12இலேயே சேர்ந்துவிடுகிறது. பொதுவாக இருக்கிற அந்த 2ஐ ஒரு தடவைதான் எண்ண வேண்டும், பெருக்கும்போது நாம் இரண்டு தடவை எண்ணிவிடுகிறோம், 24ஐ 2ஆல் வகுத்தால் 12. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அப்போதுதான் பலகையில் எழுதினேன். ஏழாவது பெண், "அன்னைக்கு எனக்கு மிதி வராம பண்ணினதும் இந்த 2 தானே டீச்சர்" என்றாள். அதேதான். வட்டத்தின் அளவுக்கும் 4க்கும் பொதுவாக இருந்த 2 அவளை நிறுத்தியது, 6க்கும் 4க்கும் பொதுவாக இருந்த 2 தட்டுமிதியை முன்னால் இழுத்தது. இந்த இணைப்பு என் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை, அவள் போட்டது.

எல்லோரும் வந்திருந்த ஒரு நாளில் காரணிக்காகவே ஒரு ஆட்டம் ஆடினோம். முந்தின நாள் சாயங்காலமே கரையில் சிப்பி பொறுக்கிவரச் சொல்லியிருந்தேன், ஒரு வாளி நிறைய வந்தது. 24 பேரும் 1 முதல் 24 வரை தங்கள் எண்ணை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், எண் மாறாது. நான் 1 என்றதும் 1இன் மடங்காக இருக்கிற எல்லோரும், அதாவது 24 பேருமே, தட்டிவிட்டுக் காலடியில் ஒரு சிப்பி வைக்க வேண்டும். 2 என்றால் இரட்டைப்படை ஆட்கள். 3 என்றால் 3, 6, 9 என்று. இப்படி 24 வரை அழைத்தேன். முடிவில் மொத்தம் 84 சிப்பி தரையில் இருக்க வேண்டும், குறைந்தாலும் கூடினாலும் யாரோ தப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு முதல் தடவை 83 வந்தது. தேடிப் பார்த்ததில் 18ஆம் பையன் 9க்கு வைக்க மறந்திருந்தான்.

24ஆம் பெண்ணின் முன்னால் எட்டுச் சிப்பி, குவியலாக. 23ஆம் பையன் முன்னால் இரண்டே இரண்டு. அவன் வாடிப்போய் நின்றான். ஒவ்வொருவரும் தன் சிப்பியை எந்தெந்த எண்ணுக்கு வைத்தோம் என்று சொல்ல வேண்டும் என்றேன். 24ஆம் பெண் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்றாள். பேனாவை மூடிவிடுகிற பிரச்சினை அங்கே தானாகத் தீர்ந்தது, எட்டுச் சிப்பி கண்முன்னால் இருக்கும்போது இரண்டு காரணியோடு யாரும் நிறுத்த முடியாது. 23ஆம் பையன் 1, 23 என்றான். அவனைப் போலவே இரண்டு சிப்பிக்காரர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23. பகா எண்கள் ஒன்பது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்: 24 பேர் வட்டத்தில் பாதிப் பேர் ஏன் சும்மா நின்றோம், 23 பேர் வட்டத்தில் ஏன் யாரும் சும்மா நிற்கவில்லை? கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த 23ஆம் பையனே தன் இரண்டு சிப்பியையும் கையில் எடுத்துக்காட்டி, "நடுவுல ஒண்ணும் இல்லை டீச்சர், அதனால எங்கேயும் மாட்டாது" என்றான். 23க்குக் குறைவாக எந்த எண்ணைத் தட்டுக்கு வைத்தாலும் அது சிக்காது, 2ஐத் தவிர, 3ஐத் தவிர என்று விலக்கே இல்லை. 25 அப்படி இல்லை, 3க்கும் 4க்கும் நல்லது, 5க்கு ஆடினால் மாட்டிக்கொள்ளும். இதையும் சோதித்துப் பார்த்தார்கள், நானும் வட்டத்தில் நின்றேன், 5க்குத் தட்டு வைத்ததும் ஐந்து பேர் மட்டும் தட்டினார்கள்.

இந்த ஆட்டத்தால் ஆகாதது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 7, 8 மாதிரி எண்களை ஜோடியாக வைத்தால் தட்டுமிதிக்கு 56 வரை காத்திருக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதற்குள் கவனம் கடல் பக்கம் போய்விடும். 2, 4 மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற ஜோடியை ஒரே ஒரு தடவை ஆடிப்பார்க்கலாம், மிதிக்கிறவர் எல்லோரும் தட்டவும் செய்வார்கள், அது ஏன் என்று பேசிவிட்டு விட்டுவிட வேண்டும். பெரிய எண்ணுக்குக் காரணி காண்பதற்கு நோட்டில் வகுத்துப் பழகுவதுதான் வழி, வட்டம் அதைச் செய்யாது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் ஆடவிடுவதும் இல்லை.

இப்போதெல்லாம் வட்டம் போடு என்று சொன்னால் ஏழாவது பெண் முதலில் தலைகளை எண்ணுகிறாள். போன வாரம் 20 பேர்தான் வந்திருந்தார்கள். எண்ணிவிட்டு என்னிடம் வந்து, "20 டீச்சர். 4க்கு மிதி அஞ்சு பேர்கிட்டயே நின்னுடும். நீங்க வந்தா 21, தட்டு நின்னுடும். நீங்க வரவேண்டாம், ஒருத்தர் வெளியே போனா 19" என்றாள். யார் போவது என்று கேட்டேன். நான் தப்புப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, சிப்பி வாளியை எடுத்துக்கொண்டு பூவரச மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.